தொலைந்த சாவியும் மாற்றுச் சாவியும்

ஆண்ட்ராய்டு செயலி எதுவாயினும் கையொப்பம் இல்லாமல் கைப்பேசிக்குள் நுழைய முடியாது. இந்தக் கையொப்பம் பேனாவால் போடுவது அல்ல, கணிதத்தால் போடுவது. செயலியை உருவாக்கியவரிடம் ஒரு ரகசியச் சாவி இருக்கும். கணினியில் அது `.jks` அல்லது `.keystore` என்று முடியும் ஒரு சின்னக் கோப்புக்குள் கடவுச்சொல்லோடு பூட்டப்பட்டிருக்கும். ஒரு புகைப்படத்தைவிடச் சிறிய கோப்பு அது. அந்தச் சாவியால் செயலிக்குக் கையொப்பம் இடும்போது, சாவியின் வெளிப்படையான மறுபாதி, சான்றிதழ் என்ற பெயரில், செயலியோடு ஒட்டிக்கொண்டு போகிறது. கையொப்பம் சரியா என்று சான்றிதழை வைத்து யாரும் சோதிக்கலாம். ஆனால் கையொப்பம் இட ரகசியச் சாவி வைத்திருப்பவரால் மட்டுமே முடியும்.

ஒரு செயலி முதன்முறை நிறுவப்படும்போது அதன் சான்றிதழைக் கைப்பேசி குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்து அதே பெயரில் புதுப்பிப்பு வந்தால், சான்றிதழும் அதேதானா என்று ஒப்பிடுகிறது. ஒன்றாக இருந்தால் பழையதன்மேல் புதியதை வைக்கும். வேறாக இருந்தால் மறுத்துவிடும். கணினியோடு கைப்பேசியை இணைத்துச் சோதிப்பவர்களுக்கு அப்போது திரையில் `INSTALL_FAILED_UPDATE_INCOMPATIBLE` என்ற வரி தெரியும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் எளிது. ஒரு வங்கிச் செயலியின் பெயரில் வேறு யாரோ புதுப்பிப்பு தயாரித்து அனுப்பிவிட்டால், பழைய செயலி சேமித்து வைத்த தரவு முழுவதும் அந்த அந்நியரின் கைக்குப் போய்விடும். ஆகவே செயலியை எழுதியது யார், நிறுவனத்தின் பெயர் என்ன என்றெல்லாம் கைப்பேசி கேட்பதில்லை. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே அதற்கு உரிமையாளர்.

சாவி தொலைவது இதனால்தான் பெரிய இழப்பாகிறது. 2017 வரை கூகுள் பிளே ஸ்டோரில் செயலி வெளியிட்டவர்களிடம் இருந்தது ஒரே ஒரு சாவி. அதன் பிரதி கூகுளிடம் கிடையாது. வன்தட்டு பழுதாகிக் கோப்பு போனாலோ, கடவுச்சொல் மறந்தாலோ, செயலி அன்றிருந்த பதிப்போடு நின்றுவிடும். அதில் ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தி வெளியிட முடியாது. வேறு தொகுப்புப் பெயரில் புதிய செயலியாக மறுபடியும் தொடங்குவது ஒன்றே வழி. பல ஆண்டுகள் சேர்த்த மதிப்பீடுகள், விமர்சனங்கள், பதிவிறக்க எண்ணிக்கை எல்லாம் பழைய பெயரோடு போய்விடும். பயனரின் கைப்பேசியில் பழைய செயலி சேமித்த கோப்புகளைப் புதிய செயலி திறந்து பார்க்க முடியாது. ஆண்ட்ராய்டுக்கு அவை இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருவர். தரவு சேவையகத்தில் இருந்தால் பயனர் மறுபடி உள்நுழைந்து பெறலாம். கைப்பேசியில் மட்டும் இருந்தால், பழைய செயலியிலேயே ஏற்றுமதி வசதி முன்பே இருந்தாலன்றி மீட்பதற்கு வழியில்லை.

இதைவிட வருத்தமான விஷயம், "புதிய செயலிக்கு மாறுங்கள்" என்று பழைய பயனர்களிடம் சொல்லவே வழியில்லாமல் போவது. அந்த அறிவிப்பைச் செயலிக்குள் சேர்க்க வேண்டுமானால் ஒரு புதுப்பிப்பு வேண்டும். புதுப்பிப்புக்குத் தொலைந்த சாவி வேண்டும். செயலி ஏற்கெனவே சேவையகத்திலிருந்து அறிவிப்புகளைப் படித்துக் காட்டும்படி எழுதப்பட்டிருந்தால் மட்டுமே இந்தச் சிக்கலிலிருந்து தப்பலாம்.

இந்த நிலையை மாற்ற கூகுள் 2017-இல் கொண்டுவந்த ஏற்பாட்டின் பெயர் பிளே ஆப் சைனிங். ஒரு சாவி செய்த வேலையை இது இரண்டாகப் பிரித்தது. பயனரின் கைப்பேசி அடையாளம் காணும் கையொப்பச் சாவி கூகுளின் பாதுகாப்பில் இருக்கும். செயலியை எழுதியவரிடம் இருப்பது பதிவேற்றச் சாவி. அவர் செயலியைப் பதிவேற்றச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புவார். வந்தது உரியவரிடமிருந்துதானா என்று அந்தக் கையொப்பத்தை வைத்து ஸ்டோர் சரிபார்க்கும். பிறகு ஒவ்வொரு வகைக் கைப்பேசிக்கும் ஏற்ற நிறுவல் கோப்பைத் தானே தயாரித்து, கையொப்பச் சாவியால் முத்திரையிட்டுப் பயனருக்கு அனுப்பும்.

பதிவேற்றச் சாவி அலுவலக வாசலில் காட்டும் அடையாள அட்டை போன்றது. கையொப்பச் சாவி உள்ளே பெட்டகத்தில் இருக்கும் அலுவலக முத்திரை. அட்டை தொலைந்தால் மனுக் கொடுத்து வேறு அட்டை வாங்கலாம், ஆவணங்களில் விழும் முத்திரை மாறாது. 2021 ஆகஸ்ட் முதல் ஸ்டோரில் சேரும் புதிய செயலிகள் அனைத்துக்கும் இந்த ஏற்பாடு கட்டாயம்.

ஆகவே சாவி தொலைந்துவிட்டது என்று தெரிந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தொலைந்தது எந்தச் சாவி என்பதே. பிளே கன்சோலில் அந்தச் செயலிக்கு உரிய App signing பக்கத்தைத் திறந்தால் பதில் கிடைக்கும். கன்சோலின் பட்டியலை அவ்வப்போது மாற்றியமைப்பதால் இந்தப் பக்கம் இடம் மாறிக்கொண்டே இருக்கும்; கன்சோலின் தேடல் பெட்டியில் தேடுவது எளிது. அங்கே App signing key certificate, Upload key certificate என இரண்டு சான்றிதழ்கள் தெரிந்தால் செயலி புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. தொலைந்த சாவிக்கு மாற்று உண்டு. 2021-க்கு முன்பு வெளியாகி, புதிய ஏற்பாட்டில் இதுவரை சேராத செயலி என்றால் மேலே சொன்ன பழைய விதிதான் இன்றும் பொருந்தும். அப்படிப்பட்ட செயலியை இப்போது சேர்த்துவிடலாமே என்று தோன்றலாம். சேர்ப்பதற்கு அதன் கையொப்பச் சாவியையே மறையாக்கம் செய்து கூகுளிடம் ஒப்படைக்க வேண்டும். தொலைந்த சாவியை ஒப்படைக்க முடியாது. புதிய ஏற்பாடு, சாவி கையில் இருக்கும்போது சேர்ந்தவர்களைத்தான் காக்கும்.

மாற்றுச் சாவி கேட்பதற்கு முன்பு ஒருமுறை நன்றாகத் தேடிப் பார்ப்பது நல்லது. சேராத பழைய செயலி என்றால் தேடல் ஒன்றே நம்பிக்கை. பழைய மடிக்கணினி, மேகச் சேமிப்பு, வேலையை விட்டுப்போன சக ஊழியரின் காப்புப் பிரதி, செயலியைத் தானாகக் கட்டமைக்கும் சேவையில் யாரோ ஏற்றி வைத்த பிரதி என்று எங்கும் அந்தக் கோப்பு இருக்கலாம். கோப்பு இருந்து கடவுச்சொல் மட்டும் மறந்திருந்தால், செயலியைக் கட்டிய கணினியில் `gradle.properties` கோப்பைப் பார்க்க வேண்டும். பழைய கணினியில் `.gradle/daemon` கோப்புறையின் பதிவேடுகளில் `signing.store.password` என்று தேடினால், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வழியாகக் கையொப்பமிட்ட நாளில் தட்டச்சு செய்த கடவுச்சொல் சில வேளை அப்படியே கிடைக்கும். பாதுகாப்பு நோக்கில் கவலைக்குரிய விஷயம்தான், ஆனாலும் சாவியைத் தொலைத்தவருக்கு அது பெரிய உதவி.

கிடைத்த கோப்பு சரியானதுதானா என்று உறுதிசெய்ய ஒரு கட்டளை போதும்:

```
keytool -list -v -keystore pazhaiya.jks
```

இது கோப்பில் உள்ள சான்றிதழின் விரல்ரேகையைக் காட்டும். இரண்டிரண்டு எழுத்தாக, நடுவே முக்காற்புள்ளி இட்டு நிற்கும் நீளமான வரி அது. SHA1 என்ற வரியில் அப்படி 20 இணைகள் இருக்கும். கன்சோலில் தெரியும் விரல்ரேகையோடு அதை முதல் இணையிலிருந்து கடைசி இணைவரை ஒப்பிட வேண்டும். எல்லாம் ஒத்துப்போனால் தேடிய சாவி அதுவே.

இனி ஒரு நிகழ்வை வைத்து முழு வழிமுறையையும் பார்க்கலாம். இரண்டு பேர் சேர்ந்து நகரப் பேருந்து நேரத்தைக் காட்டும் ஒரு செயலியை 2022-இல் வெளியிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோரில் இருப்பது 14-ஆம் பதிப்பு. பேருந்து நேரங்கள் மாறிவிட்டன, 15-ஆம் பதிப்பை உடனே வெளியிட வேண்டும். செயலியைக் கட்டிக்கொண்டிருந்த கணினியின் வன்தட்டு பழுதாகிவிட்டது. நிரல் முழுவதும் இணையக் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது. சாவிக் கோப்பைக் களஞ்சியத்தில் போடக் கூடாது என்ற நல்ல வழக்கத்தைக் கடைப்பிடித்ததால், அது மட்டும் அங்கே இல்லை.

புதிய கணினியில் அவர்களில் ஒருவர் வேறொரு சாவியை உருவாக்கிச் செயலியைக் கையொப்பமிட்டுப் பதிவேற்றுகிறார். கன்சோல் மறுக்கிறது. செயலி தவறான சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கிறது என்று தொடங்கும் அந்தச் செய்தியில் இரண்டு விரல்ரேகைகள் இருக்கும்: எதிர்பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று. பலர் இதைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று என்று பதறி, புதிய பெயரில் செயலியை வெளியிடப் போய்விடுகிறார்கள். அது வேண்டாத இழப்பு. எதிர்பார்த்த விரல்ரேகை, App signing பக்கத்தில் பதிவேற்றச் சாவியின் கீழே தெரிவதோடு ஒத்திருந்தால், தொலைந்தது அடையாள அட்டைதான். முத்திரை பத்திரமாக இருக்கிறது.

முதல் வேலை புதிய பதிவேற்றச் சாவியை முறையாக உருவாக்குவது. ஆர்எஸ்ஏ வகையில் குறைந்தது 2048 பிட் நீளம் இருக்க வேண்டும்.

```
keytool -genkeypair -v -keystore pudhiya.jks -alias upload -keyalg RSA -keysize 2048 -validity 10000
```

கடைசியில் உள்ள 10000 என்பது நாள் கணக்கு, அதாவது 27 ஆண்டுகளுக்குச் சற்று மேல். சான்றிதழ் 2033 அக்டோபர் 22-க்குப் பிறகும் செல்லுபடியாக வேண்டும் என்பது பிளே ஸ்டோரின் விதி என்பதால் இந்த எண்ணைக் குறைக்காமல் இருப்பதே நல்லது. கட்டளை கேட்கும் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் அதே நிமிடத்தில் கடவுச்சொல் காப்பகத்திலும் எழுதி வைக்க வேண்டும். பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டதால் தொலைந்த சாவிகளே அதிகம்.

அடுத்தது, புதிய சாவியின் சான்றிதழை மட்டும் தனிக் கோப்பாக எடுப்பது.

```
keytool -export -rfc -keystore pudhiya.jks -alias upload -file upload_certificate.pem
```

இப்படிக் கிடைக்கும் கோப்பைக் குறிப்பேட்டில் திறந்தால் `-----BEGIN CERTIFICATE-----` என்று தொடங்கி, புரியாத எழுத்துகளின் வரிசையாக இருக்கும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. கூகுளுக்கு அனுப்ப வேண்டியது இதைத்தான். அவசரத்தில் சிலர் `.jks` கோப்பையே ஏற்ற முயல்வார்கள். அதற்குள் ரகசியச் சாவி இருக்கிறது. யாருக்கும், ஸ்டோருக்கும்கூட, அது போகக் கூடாது.

பிறகு கன்சோலில் App signing பக்கத்தில் Request upload key reset என்பதை அழுத்த வேண்டும். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்: சாவி தொலைந்தது, கடவுச்சொல் மறந்தது, சாவி பிறர் கையில் சிக்கியது என்பன போல. உண்மையைத் தேர்ந்தெடுத்து, `.pem` கோப்பை ஏற்றிக் கோரிக்கையை அனுப்பலாம். சாவி திருடு போயிருந்தாலும் செய்ய வேண்டியது இதே வேலைதான்.

இந்தக் கோரிக்கையை அனுப்ப வேண்டியவர் கணக்கின் உரிமையாளர். செயலியை எழுதும் அனுமதி, வெளியிடும் அனுமதி எல்லாம் மற்றவர்களுக்கு இருந்தாலும் இந்த ஒன்றுக்கு உரிமையாளரின் கணக்கிலேயே நுழைய வேண்டும். நமது பேருந்துச் செயலிக்காரர்களில் ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றால், அவரைத் தேடிப் பிடிப்பதுதான் உண்மையான வேலையாக இருக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யப் பத்து நிமிடம்கூட ஆகாது.

கோரிக்கை ஏற்கப்பட்டதும் புதிய சாவி எந்த நாளில், எந்த மணியிலிருந்து செல்லும் என்று கன்சோல் தெரிவிக்கும். வழக்கமாக இரண்டு நாள் அளவில் காத்திருக்க வேண்டும். கணக்குக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த ஒருவர் சாவியை மாற்றக் கேட்டிருந்தால், உண்மையான உரிமையாளர் அதைக் கவனிக்க இந்த இடைவெளி உதவும் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. குறித்த நேரத்துக்கு முன்பே புதிய சாவியால் கையொப்பமிட்டு ஏற்றினால், சாவி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று கன்சோல் மறுக்கும். முன்பு வந்த "தவறான சாவி" மறுப்பும் இதுவும் வேறு வேறு. முதலாவது வந்தால் சாவி பொருந்தவில்லை என்று பொருள். இரண்டாவது வந்தால் சாவி சரி, பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் செய்தியில் தரும் நேரம் யுடிசி கணக்கில் இருந்தால், இந்திய நேரத்துக்கு அதனோடு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். மதியம் மூன்று மணி என்று இருந்தால் நம் கடிகாரத்தில் இரவு எட்டரை. இதைக் கவனிக்காமல் மாலை முழுவதும் ஏற்றி ஏற்றிச் சலித்துப்போக வேண்டியதில்லை.

நேரம் வந்த பிறகு 15-ஆம் பதிப்பைப் புதிய சாவியால் கையொப்பமிட்டு ஏற்றினால் ஸ்டோர் ஏற்றுக்கொள்ளும். பயனர்களின் கைப்பேசியில் புதுப்பிப்பு வழக்கம்போல இறங்கும். அவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அங்கே போய்ச் சேரும் கையொப்பம் பெட்டகத்தில் இருந்த அதே பழைய சாவியுடையது. மதிப்பீடுகளும் விமர்சனங்களும் இருந்த இடத்தில் இருக்கும்.

இதன் பிறகு பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வரைபடம், கூகுள் உள்நுழைவு போன்ற சேவைகள் செயலியை அதன் விரல்ரேகையால்தான் அடையாளம் காண்கின்றன. ஸ்டோரிலிருந்து நிறுவிய செயலிக்குப் பொருந்துவது கையொப்பச் சாவியின் விரல்ரேகை. அது மாறவில்லை என்பதால் பயனர்களுக்கு எதுவும் நிற்காது. ஆனால் செயலியை எழுதியவர் தன் கணினியிலிருந்து நேரடியாகத் தன் கைப்பேசியில் நிறுவிச் சோதிக்கும் வெளியீட்டுப் பதிப்பு புதிய பதிவேற்றச் சாவியின் கையொப்பத்தோடு இருக்கும். அதில் வரைபடம் வெறும் சாம்பல் நிறமாகத் தெரியலாம், உள்நுழைவு தோற்கலாம். புதிய சாவியின் விரல்ரேகையையும் அந்தச் சேவைகளின் பக்கத்தில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். அப்போது பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதைப் போடக் கூடாது. அழிக்கும் வரி கையொப்பச் சாவியுடையதாக இருந்துவிட்டால், அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த பயனர்களின் செயலி அந்த நிமிடமே கெட்டுப்போகும்.

செயலியை ஸ்டோருக்கு வெளியேயும், தங்கள் இணையதளம் வழியாகவும் கொடுப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி எழும். கையொப்பச் சாவியைத் தாங்களே உருவாக்கிக் கூகுளிடம் ஒப்படைத்துவிட்டு, தங்கள் பிரதியைத் தொலைத்தவர்கள் இணையதளப் பயனர்களுக்கு எப்படிப் புதுப்பிப்பு கொடுப்பது? ஒப்படைத்த சாவியைக் கூகுள் திருப்பித் தருவதில்லை. ஆனால் கன்சோலில் App bundle explorer என்ற பகுதியிலிருந்து, அந்தச் சாவியால் கையொப்பமிட்ட முழுமையான நிறுவல் கோப்பைப் பதிவிறக்கலாம். அதை இணையதளத்தில் வைத்தால் பழைய பயனர்களின் கைப்பேசி ஏற்றுக்கொள்ளும். அதிகம் பேர் அறியாத வசதி இது.

2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 கையொப்பச் சாவியை மாற்ற ஒரு வழி தந்தது, தொலைந்த சாவிக்கு அது உதவாதா என்று சிலர் கேட்பதுண்டு. உதவாது. அந்த முறையில், புதிய சாவி தன் வாரிசு என்று பழைய சாவியே கையொப்பமிட்டுச் சொல்ல வேண்டும். பழைய சாவி கையில் இருப்பவருக்குத்தான் அது பயன்படும்.

ஸ்டோரின் ஏற்பாட்டில் சேர்ந்துவிட்ட செயலிக்கு இனி உண்மையான சாவி, கன்சோல் கணக்கின் உரிமையாளர் பயன்படுத்தும் மின்னஞ்சலே. பதிவேற்றச் சாவி எத்தனை முறை தொலைந்தாலும் அந்தக் கணக்கின் வழியாக மாற்றுக் கேட்கலாம், கணக்குக்குள்ளேயே நுழைய முடியாதவருக்கு அந்தப் பக்கமே திறக்காது. வெளியாள் ஒருவரிடம் பணம் கொடுத்துச் செயலி செய்து வாங்கிய கடைக்காரர்கள், பள்ளிகள், சங்கங்கள் பலரின் செயலி, அதை எழுதிக் கொடுத்தவரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. உங்கள் செயலியின் கணக்கு உரிமையாளராகப் பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் யாருடையது, அதன் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் யாரிடம் இருக்கின்றன என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.